கடல் தாண்டும் பட்டத்துக்கு ஒரு வரி அறிமுகம்

சென்னையில் பட்டயக் கணக்காளராக வேலை பார்க்கும் ஒருவர் லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்புகிறார். ரெஸ்யூமின் உச்சியில், இங்கே எல்லோரும் எழுதுகிற மாதிரியே, பெயருக்கு முன்னால் 'சி.ஏ.' என்றும் பெயருக்குப் பின்னால் 'பி.காம்., ஏ.சி.ஏ.' என்றும் போட்டிருக்கிறார். இந்தியாவில் இதில் ஒரு பிழையும் கிடையாது. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் உறுப்பினராகச் சேர்ந்தவர் ஏ.சி.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம். பெயருக்கு முன்னால் சி.ஏ. என்று எழுதுவதையும் அந்த நிறுவனமே அனுமதிக்கிறது.

லண்டனில் அதே மூன்று எழுத்துக்கு வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார். அங்கே ஏ.சி.ஏ. என்றால் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினர். சி.ஏ. என்று போட்டால் ஸ்காட்லாந்து நிறுவனத்தின் உறுப்பினர் என்று எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலர் உறுப்பினர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுகிறார். பெயர் இல்லை. சென்னைக்காரர் பொய் சொல்லவே இல்லை. ஆனால் பொய் சொன்னவரைப் போல ஒரு மேசையில் கிடக்கிறார். ஐந்தாறு வருடம் கண் விழித்துப் படித்து வாங்கிய தகுதிக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைப்பது வேதனையான விஷயம். ஒரு வாக்கியம் சரியாக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

அந்த ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது, அதில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

வெளிநாட்டு நிறுவனத்தில் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவருக்கு இந்தியக் கல்வி முறை தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அவர் கையில் இருப்பது வேலை அறிவிப்பு. அதில் 'இளங்கலைப் பட்டம் அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு நிபந்தனை இருக்கும். கணக்கு, தணிக்கை வேலையாக இருந்தால் அந்த நாட்டுத் தொழில்முறைத் தகுதியின் பெயரும் கூடவே இருக்கும். விண்ணப்பதாரர் இந்த நிபந்தனைக்குள் வருகிறாரா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு நான்கு செய்திகள் போதும்: தகுதியின் அசல் பெயர், அதைக் கொடுத்தது யார், பள்ளிப் படிப்புக்குப் பிறகு எத்தனை வருடம், அது அவருடைய நாட்டில் எந்த நிலையோடு ஒப்பிடத் தக்கது. நான்காவது செய்தியில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. 'ஒப்பிடத் தக்கது' என்று சொன்னது யார் என்ற கேள்வி அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் அப்படிச் சொல்ல அதிகாரம் உள்ள அலுவலகம் எதுவும் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இணைத்தன்மைச் சான்றிதழ் கொடுக்கிறதே என்று பலர் கேட்பார்கள். அது எதிர்த் திசையில் போகும் சான்றிதழ். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவுக்கு வருபவரின் பட்டம் இங்கே எதற்கு இணை என்று சொல்வது. இந்தியப் பட்டம் அங்கே எதற்கு இணை என்பதை அந்தந்த நாட்டில் உள்ள அமைப்புகளே சொல்கின்றன. பிரிட்டனில் யுகே எனிக் என்ற அமைப்பு இருக்கிறது. 2021 வரை அதற்கு நாரிக் என்று பெயர். ஜெர்மனியில் அனபின் என்ற தரவுத்தளம் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் கிடைக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை தருகின்றன. அமெரிக்கக் கல்லூரிப் பதிவாளர்களின் சங்கம் எட்ஜ் என்ற தரவுத்தளத்தை நடத்துகிறது. அமெரிக்கக் குடியேற்றத் துறை அதிகாரிகள் அடிக்கடி புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

இவை எல்லாமே ஒரே பதிலைச் சொல்வதில்லை. மூன்றாண்டு பி.காம். இதற்கு நல்ல உதாரணம்.

இங்கிலாந்தில் இளங்கலைப் பட்டம் பெரும்பாலும் மூன்று வருடம். ஐரோப்பாவின் பல நாடுகளிலும் அப்படித்தான். ஆகவே நம் பி.காம். அங்கே போய் நிற்கும்போது வருடக் கணக்கை வைத்து யாரும் தடை சொல்வதில்லை. 2022 ஜூலை 21 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. இந்திய இளங்கலை, முதுகலைப் பட்டங்களைப் பிரிட்டன் பட்டங்களுக்கு இணையாக மதிக்க அது வழி செய்தது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக் கலை போன்ற தொழிற்படிப்புகளை அந்த ஒப்பந்தம் தொடவில்லை. பி.காம். படித்தவருக்கு அது உதவும், பி.இ. படித்தவர் அதைக் காட்டி வாதாட முடியாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இளங்கலை என்றால் நான்கு வருடம். 1977இல் அமெரிக்கக் குடியேற்றத் துறை ஷா என்பவரின் வழக்கில் ஒரு முடிவை வெளியிட்டது: இந்தியாவின் மூன்றாண்டுப் பட்டம் அமெரிக்க இளங்கலைக்கு இணை ஆகாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பச்சை அட்டை விண்ணப்பங்களில் இன்றும் அந்த முடிவு எடுத்துக் காட்டப்படுகிறது. வெஸ் அமைப்போ, நாக் தரமதிப்பீட்டில் உயர்ந்த தரம் பெற்ற நிறுவனத்தின் மூன்றாண்டுப் பட்டத்தை, சில நிபந்தனைகளோடு, அமெரிக்க இளங்கலைக்கு இணையாக மதிப்பிடுகிறது. ஒரே சான்றிதழுக்கு வேலை கொடுப்பவர் முன்னால் ஒரு பதில், குடியேற்ற அதிகாரி முன்னால் இன்னொரு பதில். இரண்டுமே அதனதன் இடத்தில் செல்லுபடியாகும். அதனால்தான் வாக்கியத்தில் 'இணை' என்று மொட்டையாக எழுதாமல், 'இன்ன அமைப்பின் மதிப்பீட்டின்படி' என்று சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் 'ஈக்விவலன்ட்' என்று தானாக முடிவு சொல்வதைவிட 'கம்பேரபிள்' என்று எழுதி, சொன்னவரின் பெயரைப் போடுவது பாதுகாப்பானது.

இப்போது ஒருவரின் ரெஸ்யூமை முழுவதுமாக எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் திருச்சிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் 2014 முதல் 2017 வரை பி.காம். படித்தார்; 68 விழுக்காடு. வணிகவியலில் 55 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய பட்டதாரி என்பதால் சி.ஏ. படிப்பின் தொடக்க நிலையான ஃபவுண்டேஷன் தேர்வை எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட் நிலைக்குப் போனார். 2018 முதல் 2021 வரை ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். 2021இல் ஃபைனல் தேறினார். 2022இல் உறுப்பினர் ஆனார். இப்போது லண்டனுக்கும் நியூ ஜெர்சிக்கும் விண்ணப்பிக்கிறார்.

அவர் முதலில் எழுதிய வரி இது: 'பி.காம்., சி.ஏ. (முதுகலைக்கு இணை), மூன்று வருட ஆர்ட்டிகிள்ஷிப்.'

'முதுகலைக்கு இணை' என்பதை அவர் காற்றில் இருந்து பிடிக்கவில்லை. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் தகுதிகளை முதுகலைப் பட்டத்துக்கு இணையாகக் கருதலாம் என்று சொன்னது. ஆனால் அது நெட் தேர்வு எழுதுவது போன்ற இந்தியத் தேவைகளுக்காகச் சொல்லப்பட்டது. நியூ ஜெர்சிக்காரரை அது கட்டுப்படுத்தாது. எட்ஜ் தரவுத்தளத்தைத் திறந்தால், இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினர் தகுதி அமெரிக்க இளங்கலைப் பட்டத்தோடு ஒப்பிடத் தக்கது என்றுதான் இருக்கிறது. இங்கே முதுகலை, அங்கே இளங்கலை. படித்தவருக்கு இது கசக்கும். ஆனால் நியூ ஜெர்சிக்குப் போகும் வாக்கியத்தில் நியூ ஜெர்சி ஏற்கும் மதிப்பையே எழுத வேண்டும். அங்குள்ளவர் ஒரு நிமிடம் தேடினால் கிடைக்கும் பதிலுக்கு மேலே ஒரு படி ஏற்றி எழுதிவிட்டால், ரெஸ்யூமில் மீதியுள்ள எல்லா வரிகள் மேலும் அவருக்குச் சந்தேகம் விழும்.

தவிரவும், இந்த 'இளங்கலை' பதிலில் ஒரு நன்மை இருக்கிறது. மூன்றாண்டு பி.காம். தனியாக நின்றால் அமெரிக்காவில் ஒரு வருடம் குறைகிறது. அதன் மேல் சி.ஏ. வந்து உட்கார்ந்ததும், இளங்கலை நிலையை எட்டிவிட்டார் என்று சொல்ல, அமெரிக்கர்களே மதிக்கும் ஓர் ஆதாரம் கிடைத்துவிடுகிறது. வேலை அறிவிப்பு கேட்பதும் அதைத்தான்.

அடுத்து 'ஆர்ட்டிகிள்ஷிப்'. அமெரிக்கருக்கு இந்தச் சொல் கிட்டத்தட்டப் புரியாது. கட்டுரை எழுதும் பயிற்சியா என்றுகூட யோசிப்பார். ஆகவே அது என்னவென்று நேராகச் சொல்லிவிடுவது மேல்: தொழில் செய்யும் பட்டயக் கணக்காளர் ஒருவரின் கீழ் மூன்று வருடம், உதவித்தொகையுடன், ஒப்பந்தப்படி பெற்ற தணிக்கைப் பயிற்சி. வருடங்களை எழுதுவதும் இங்கே முக்கியம். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது. இனி வரும் சி.ஏ.க்களும் பழைய சி.ஏ.க்களும் ஒரே மேசையில் விண்ணப்பிப்பார்கள்; யார் எவ்வளவு காலம் பயின்றார் என்பதைச் சொன்னால்தான் தெரியும்.

நண்பரின் ரெஸ்யூமில் இருந்து வரிகளை நகல் எடுக்கும் வழக்கம் இந்த இடத்தில் காலை வாரிவிடும். பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன் வழியாக வந்த நண்பர் 'மூன்று நிலைத் தேர்வுகளில் தேர்ச்சி' என்று எழுதியிருப்பார்; அவருக்கு அது உண்மை. நேரடி நுழைவில் வந்த திருச்சிக்காரர் எழுதியது இரண்டு நிலைகள். மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்க்கும் சரிபார்ப்பு நிறுவனம் மூன்றாவது பட்டியல் எங்கே என்று கேட்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு லண்டனுக்கு அவர் எழுத வேண்டிய வாக்கியம் இப்படி அமையும். ஆங்கிலத்தில் எழுதப்போவதன் பொருள் இது:

'இந்தியாவில் தணிக்கைத் தொழிலை ஒழுங்குபடுத்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினர் (2022 முதல்). இடைநிலை, இறுதித் தேர்வுகளையும் மூன்றாண்டு தணிக்கைப் பயிற்சியையும் முடித்துப் பெற்ற தகுதி. பிரிட்டன் பட்டயக் கணக்காளர் நிறுவனங்களில் உறுப்பினர் அல்ல.'

கடைசித் துண்டு பலருக்கு உறுத்தும். 'அல்ல' என்று நாமே ஏன் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். இந்த ரெஸ்யூமில் 'பட்டயக் கணக்காளர்' என்ற சொல் வருவதால்தான். அந்தப் பெயரை உள்ளூரில் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது லண்டன் அலுவலருக்குத் தெரியும். அவர் தவறாகப் புரிந்துகொண்டு பிறகு திருத்திக்கொள்வதைவிட, முதல் வாசிப்பிலேயே சரியாகப் புரிந்துகொள்வது விண்ணப்பதாரருக்குத்தான் நல்லது. பெயருக்கு முன்னால் இருந்த சி.ஏ.வும் பெயருக்குப் பின்னால் இருந்த ஏ.சி.ஏ.வும் இந்தப் பிரதியில் நீங்கிவிடுகின்றன. பிரிட்டன் நிறுவனங்களோ வேலை கொடுப்பவரோ நிலை எண்ணைக் கேட்டால், யுகே எனிக்கிடம் விண்ணப்பித்து ஒப்பீட்டு அறிக்கை வாங்கி, அதில் உள்ள சொற்களை மாற்றாமல் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். அங்கே இளங்கலை ஆறாம் நிலை, முதுகலை ஏழாம் நிலை. அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பே இந்த எண்களில் ஒன்றைத் தானே போட்டுக்கொள்வது சரியல்ல.

நியூ ஜெர்சிக்கு வாக்கியம் மாறும்:

'மூன்றாண்டு பி.காம். பட்டமும் (பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2017) அதைத் தொடர்ந்து இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவன உறுப்பினர் தகுதியும் (2022), இந்த உறுப்பினர் தகுதியை அமெரிக்க இளங்கலைப் பட்டத்தோடு ஒப்பிடத் தக்கதாக எட்ஜ் தரவுத்தளம் மதிப்பிடுகிறது, அமெரிக்க சி.பி.ஏ. உரிமம் இல்லை.'

சி.பி.ஏ. பற்றிய துண்டு இங்கே வேறு காரணத்துக்காக வருகிறது. அமெரிக்காவில் சி.பி.ஏ. என்பது ஒவ்வொரு மாநிலத்தின் கணக்கியல் வாரியமும் தரும் உரிமம். உரிமம் இல்லாதவர் தன்னை சி.பி.ஏ. என்று காட்டிக்கொள்வது மாநிலச் சட்டப்படி குற்றம். 'இந்திய சி.பி.ஏ.' என்றோ 'சி.பி.ஏ.க்கு இணை' என்றோ ரெஸ்யூமில் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. புரிய வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். அதை வாசிப்பவருக்கோ அது உரிமம் கோருவதாகத் தெரியும். காஸ்ட் அக்கவுண்டன்ட்களுக்கும் இதே தொல்லை உண்டு. நம் நாட்டில் அவர்கள் போட்டுக்கொள்ளும் சி.எம்.ஏ. என்ற எழுத்துகளை அமெரிக்காவில் மேலாண்மைக் கணக்காளர்களின் நிறுவனம் ஒன்று தன் சான்றிதழுக்கு வைத்திருக்கிறது. அதனால் அவர்களும் எழுத்துகளை விட்டுவிட்டு நிறுவனத்தின் முழுப் பெயரை எழுதுவதே நல்லது.

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஹெச்-1பி விசா விதிகளில், கல்லூரிப் படிப்பில் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்று வருடத் தொழில் அனுபவத்தை ஈடாகக் காட்டலாம். மூன்றாண்டுப் பட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு வருடம் குறைவதால் மூன்று வருட அனுபவம் அங்கே போய்விடும். அதே மூன்று வருடத்தை 'எனக்கு ஆறு வருட அனுபவம்' என்ற கணக்கிலும் சேர்த்து எழுதினால் ஒரே காலம் இரண்டு இடத்தில் நிற்கும். ஆர்ட்டிகிள்ஷிப்பும் அப்படித்தான்: தகுதியைப் பெறும் வழியாகக் காட்டிய பிறகு அதை வேலை அனுபவமாகவும் கூட்டிச் சொன்னால், கூர்ந்து படிப்பவர் கேட்பார். எந்தக் கணக்கில் வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து, ரெஸ்யூம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். பச்சை அட்டைக்கான விண்ணப்பங்களில் பட்டதாரித் தொழிலாளர் பிரிவுக்குள் இந்த அனுபவ ஈடு செல்லாது என்பதையும், வேலை கொடுப்பவரின் வழக்கறிஞரிடம் பேசும்போது நினைவில் வைத்திருப்பது நல்லது.

மதிப்பெண்ணை அந்த வாக்கியத்தில் சேர்க்கலாமா? சேர்த்தால் விளக்கத்தோடு சேர்க்க வேண்டும். 68 விழுக்காடு என்பது நம் பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பு. அமெரிக்கக் கண்ணுக்கு அது தோல்விக்குச் சற்று மேலே இருக்கும் மதிப்பெண். சி.ஏ. தேர்வில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. எத்தனையோ பேர் பல முறை எழுதி எட்டிப் பிடிக்கும் எல்லை அது. அந்த 54ஐயோ 57ஐயோ விளக்கமில்லாமல் ரெஸ்யூமில் போட்டால், இந்தியாவிலேயே கடினமான தேர்வுகளில் ஒன்றைத் தாண்டியவர் சுமாரான மாணவராகத் தெரிவார். விழுக்காட்டை நான்கு புள்ளி அளவுக்குத் தானே மாற்றி எழுதுவதும் ஆபத்துதான். இணையத்தில் கிடக்கும் சூத்திரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 'முதல் வகுப்பு (60 விழுக்காடும் அதற்கு மேலும்)' என்று எழுதினால் போதும். சி.ஏ.வுக்குத் தேர்ச்சி என்பதே முழுச் செய்தி. தரவரிசை கிடைத்திருந்தால் அதைச் சொல்லலாம்.

இன்டர்மீடியட் மட்டும் முடித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் 'சி.ஏ. (இன்டர்)' என்று எழுதுகிறார்கள். உள்ளூர் ஆடிட்டர் அலுவலகத்தில் அதற்கு மதிப்பு உண்டு, நியாயமான மதிப்பு. வெளிநாட்டில் அதைப் படிப்பவர் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தாண்டி, சி.ஏ. என்பதை மட்டும் எடுத்துக்கொள்வார். 'பட்டயக் கணக்காளர் தேர்வின் இடைநிலையில் தேர்ச்சி. இறுதித் தேர்வு முடிக்கவில்லை. உறுப்பினர் அல்ல' என்று எழுதினால் தகுதி குறைந்துவிடாது. சரிபார்ப்பில் எந்தச் சங்கடமும் வராது.

பட்டம் கொடுத்தவர் யார் என்ற செய்தி எளிதானது என்று தோன்றும். தமிழ்நாட்டில் அது அவ்வளவு எளிதில்லை. படித்தது கல்லூரியில், பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். கல்லூரியின் பெயரை மட்டும் எழுதினால், அனபின் போன்ற தரவுத்தளத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காமல் போகலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் முதலிலும் கல்லூரியின் பெயர் அடுத்தும் வர வேண்டும். சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே வர வேண்டும். பொறியியல் படித்தவர்களில் ஒரு தலைமுறைக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, திருநெல்வேலி என்று பிரிக்கப்பட்டது. சில வருடங்களிலேயே எல்லாம் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் பட்டம் வாங்கியவரின் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகம் இன்று அந்தப் பெயரில் இல்லை. சரிபார்ப்பவர் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு நிறுவனமே இல்லை என்று குறிப்பு எழுதிவிடக்கூடும். 'அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் (தற்போது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது)' என்று ஒரு துண்டு சேர்த்தால் அந்தக் குறிப்பு வராது.

பொறியாளர்களுக்கு வாக்கியம் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைக் குவைத் கடுமையாகக் காட்டியது. 2018இல் அங்கே வேலை பார்த்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று தேவை என்று விதி வந்தது. இந்தியர்களைப் பொறுத்தவரை, தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருந்தால்தான் அந்தச் சங்கம் சான்று தரும் என்று நிலைமை ஆனது. அந்த வாரியம் தொடங்கப்பட்டதே 1994இல். அதற்கு முன்பே படித்து, வளைகுடாவில் பல வருடம் பாலமும் சுத்திகரிப்பு ஆலையும் கட்டியவர்கள், அங்கீகாரம் பெறாத கல்லூரியில் படித்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கேள்விக்குறி ஆனார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் வரை விஷயம் போனது. 'நான்காண்டு பொறியியல் பட்டம்' என்று எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அந்த இடத்தில் பயன் இல்லை. முடிவெடுத்தது வேலை கொடுப்பவர் அல்ல, உரிமம் கொடுக்கும் அமைப்பு.

இதிலிருந்து பொறியாளர் தன் வாக்கியத்தில் சேர்க்க வேண்டிய ஒரு செய்தி கிடைக்கிறது: படித்த படிப்புக்கு அங்கீகாரம் இருந்ததா, எந்த வருடங்களில்? 2014 ஜூனில் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினர் ஆனது. அதன்படி ஒரு நாட்டில் அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளின் பொறியாளர் அமைப்புகளும் மதிக்கும். ஆனால் இந்தியாவில் முதல் பிரிவு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே அது பொருந்தும். பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அந்தப் பிரிவுக்குள் வருபவை. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் சாதாரண இணைவுக் கல்லூரிகள் இரண்டாம் பிரிவில் அங்கீகாரம் பெற்றிருந்தாலும் உடன்படிக்கைக்குள் வராது. தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் படித்தது இப்படிப்பட்ட கல்லூரிகளில்தான். 'இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் இருக்கிறது, ஆகவே என் பட்டமும் இருக்கிறது' என்று எழுதிவிடுவது எளிது. உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாரியத்தின் இணையதளத்தில் கல்லூரி, பாடப்பிரிவு, வருடம் மூன்றையும் பார்த்துவிட்டு எழுத வேண்டும். ஒரே கல்லூரியில் இயந்திரவியலுக்கு அங்கீகாரம் இருந்து குடிமைப் பொறியியலுக்கு இல்லாமல் இருப்பதும் உண்டு.

மென்பொருள் வேலைக்குப் போகிறவருக்கு இவ்வளவு தேவைப்படாது. அங்கே உரிமம் கொடுக்கும் அமைப்பு இடையில் நிற்பதில்லை. வேலை கொடுப்பவர் திருப்தி அடைந்தால் போதும், விசாவுக்குத் தேவையான மதிப்பீட்டை நிறுவனமே ஏற்பாடு செய்யும். 'நான்காண்டு பி.இ. (கணினி அறிவியல்), அண்ணா பல்கலைக்கழகம், 2016. அமெரிக்க நான்காண்டு இளங்கலையோடு ஒப்பிடத் தக்கது' என்ற ஒரு வரி பெரும்பாலும் கேள்வி எழுப்பாது.

கேள்வி எழுப்பும் ஒரு வகை பி.இ. உண்டு, அதைப் படித்தவர்கள்தான் பெரும்பாலும் விளக்காமல் விடுகிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ படித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டில் பொறியியல் சேர்ந்தவர்கள். அவர்களிடம் பிளஸ் டூ சான்றிதழ் இருக்காது, பொறியியலின் முதல் இரண்டு பருவங்களின் மதிப்பெண் பட்டியல் இருக்காது. வெளிநாட்டு மதிப்பீட்டாளர் காகிதங்களை அடுக்கிப் பார்த்தால், பள்ளி இறுதி காணவில்லை, நான்காண்டுப் பட்டத்தில் ஓர் ஆண்டு காணவில்லை. கல்லூரிக்கு மின்னஞ்சல் போகும், பதில் வரத் தாமதமாகும், வேலை வேறொருவருக்குப் போகும். மொத்த வருடங்களைக் கூட்டினால் எந்தக் குறையும் இல்லை: பத்து, மூன்று, மூன்று சேர்ந்து பதினாறு. பிளஸ் டூ வழியாக வந்தவருக்குப் பத்து, இரண்டு, நான்கு, அதுவும் பதினாறு. இவர் எழுத வேண்டிய வரி இது:

'நான்காண்டு பி.இ. (இயந்திரவியல்), அண்ணா பல்கலைக்கழகம், 2015. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் மூன்றாண்டு டிப்ளமோ (2012) அடிப்படையில் இரண்டாம் ஆண்டில் சேர்க்கப்பட்டதால், பொறியியல் மதிப்பெண் பட்டியல் மூன்றாம் பருவத்தில் இருந்து தொடங்குகிறது. மொத்தக் கல்வி 16 ஆண்டுகள்.'

டிப்ளமோவின் மதிப்பெண் பட்டியலையும் இந்த வரியோடு சேர்த்து அனுப்பிவிட்டால், காணாமல் போன அந்த ஓர் ஆண்டைப் பற்றி யாரும் கல்லூரிக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்காது.